தண்ணீர் வராது என்று முதலிலேயே சொல்லுங்கள்

எங்கள் நகராட்சியில் குடிநீர்த் தொலைபேசி அறிவிப்பை எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். எனக்குக் கண் பார்வை கிடையாது. கணினியில் NVDA, கைபேசியில் TalkBack என்று திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான்களின் இயந்திரக் குரலை நாள் முழுக்கக் கேட்டுத்தான் என் வேலை நடக்கிறது. அதனால் போன வாரம் நீங்கள் எழுதியதை இயந்திரக் குரல் வாசித்த தொலைபேசி அழைப்பில் எங்கே தவறு நடந்தது என்று எனக்குச் சட்டென்று புரிந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் புரியவில்லை. "காலையில தண்ணி விடுறாங்களாம்" என்று சொல்லி, விடிவதற்குள் குடங்களைக் கழுவி வரிசையாக வைத்துவிட்டார். உண்மையில் அன்று தண்ணீரே கிடையாது.

நீங்கள் எழுதியிருந்தது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "3-வது மற்றும் 4-வது தெருக்களில் பிரதான குழாய் பழுது நீக்கும் பணி நடைபெறுவதால் 13.11.2025 அன்று மு.ப. 6.30-8.00 மணிக்கு வழங்கப்படும் குடிநீர் வழங்கப்பட மாட்டாது."

காகிதத்தில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இயந்திரம் வாசித்தபோது எனக்குக் கேட்டது வேறு. "மூன்று வது", "நான்கு வது" என்று ஒட்டு தனியாக விழுந்தது. தேதி "பதிமூன்று புள்ளி பதினொன்று" ஆனது. "மு.ப." என்பதில் உள்ள புள்ளியை வாக்கிய முடிவாக எடுத்துக்கொண்டு குரல் நின்றது. நேரம் "ஆறு புள்ளி மூன்று பூஜ்ஜியம் எட்டு" என்று வந்தது. நடுவில் இருந்த சிறு கோடுதான் "முதல், வரை" இரண்டுக்கும் பொறுப்பு. அதற்கு ஒலியே இல்லை. வேறொரு குரல் பொறி இவற்றில் சிலதைச் சரியாகவே வாசிக்கலாம். எது எப்படி வாசிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது என்பதால்தான், எண்ணை எழுத்தால் எழுதிவிடுங்கள் என்கிறேன். "மூன்றாவது தெரு", "பதிமூன்றாம் தேதி", "காலை ஆறரை மணி முதல் எட்டு மணி வரை" என்று எழுதினால் எந்தக் குரலும் தடுமாறாது.

தொகையையும் அப்படியே. "ரூ.1,250/-" வேண்டாம், "ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்" போதும். ஐம்பதும் எண்பதும் போனில் ஒரே மாதிரி கேட்கும், அதனால் தொகையை மட்டும் இரண்டு முறை சொல்லலாம். தொடர்பு எண் என்றால் கதை வேறு. பத்து இலக்கத்தைச் சேர்த்து எழுதினால் சில குரல்கள் கோடிக்கணக்கில் எண்ணத் தொடங்கிவிடும். அதை ஒவ்வொரு இலக்கமாக எழுத்தில் எழுதி, மூன்று நான்கு இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி வையுங்கள். எழுதிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

சரி, பாட்டி ஏமாந்தது எண்களால் அல்ல. தமிழில் வினை கடைசியில் வருகிறது, "இல்லை" என்பதும் அதோடு கடைசியில்தான் வருகிறது. உங்கள் வாக்கியத்தில் "வழங்கப்படும் குடிநீர்" வரை கேட்டுவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். "மாட்டாது" அவர் காதுக்கு எட்டவே இல்லை. படிக்கிறவர் கண்ணை மேலே ஓட்டித் திரும்பப் பார்த்துக்கொள்வார். திரைவாசிப்பானில் நானும் ஒரு வரி பின்னால் போய்க் கேட்பேன். தொலைபேசியில் வந்த குரல் வந்த வேகத்தில் போய்விடும். நடுவில் நிறுத்தற்குறி இல்லாத நீள வாக்கியத்தில் குரலும் எங்கும் மூச்சு விடாது, ஏற்ற இறக்கம் இல்லாமல் ஓடும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம். குடிநீர் அறிவிப்பு. பதிமூன்றாம் தேதி, வியாழக்கிழமை, தண்ணீர் வராது. மூன்றாவது தெருவுக்கும் நான்காவது தெருவுக்கும் மட்டும்தான் இது. குழாய் பழுது பார்க்கிறோம். மறுநாள் வெள்ளிக்கிழமை, வழக்கம்போல் காலை ஆறரை மணிக்குத் தண்ணீர் வரும்."

"வராது" மூன்றாவது வாக்கியத்திலேயே வந்துவிட்டது, கவனித்தீர்களா? காரணம் பின்னால் வந்தால் போதும். பாதியில் போனை வைப்பவருக்கும் வேண்டியது கிடைத்துவிடும்.

இதையே குறுஞ்செய்தியாகவும் அனுப்பாதீர்கள். கண்ணால் பார்ப்பவருக்கு "6.30" தான் வசதி. இரண்டுக்கும் இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தால் சரியாகாத இடங்களும் உண்டு. எங்கள் காந்தி நகரை அந்தக் குரல் "காந்தம்" என்பதில் வரும் கா போலத்தான் உச்சரிக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, நீங்கள் என்ன செய்ய முடியும்? ஊர்க்காரர்களுக்குப் புரிகிறது, விடுங்கள்.

அனுப்புவதற்கு முன் உங்கள் அலுவலகப் போனுக்கே ஒருமுறை அழைப்பு விட்டுப் பாருங்கள். எழுதியவர் கேட்கக் கூடாது, அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. அறிவிப்பைப் பார்க்காத ஒருவர் கேட்டு, எந்தத் தெரு, எந்த நாள், தண்ணீர் உண்டா இல்லையா என்று ஒரு தாளில் எழுதட்டும். எது தவறினாலும் அந்த வரியை மட்டும் மாற்றி, மறுபடி அழையுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது தெருவிலிருந்து ஒருவன்