ஃப்ளூ ஊசி: வீட்டுப் பெரியவர்களுக்காக

அனைவருக்கும் வணக்கம். "ஊசி போட்டதால்தான் எனக்கு ஃப்ளூவே வந்தது" என்று குழுவில் சிலர் எழுதியிருந்தீர்கள். அது பற்றித்தான் இந்தக் குறிப்பு.

கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. செயலிழக்கச் செய்த கிருமியோ அதன் பகுதிகளோதான் இருக்கும். அதனால் ஃப்ளூ வராது. போட்ட இடத்தில் வலி, லேசான காய்ச்சல், உடம்பு அசதி ஓரிரு நாள் இருக்கலாம். அப்படியானால் சிலருக்கு நிஜமாகவே ஃப்ளூ வருவது ஏன்? எதிர்ப்பு சக்தி உருவாக சுமார் 2 வாரம் ஆகும். திங்களன்று ஊசி போட்டவருக்கு வியாழனன்று 102 டிகிரி காய்ச்சலும் இருமலும் வந்தால், ஊசிக்கு முன்போ அதற்கு அடுத்த நாளோ தொற்றிய கிருமியாகத்தான் இருக்கும். வேறு வைரஸாகவும் இருக்கலாம்.

"போன வருஷம் போட்டாச்சே" என்பது அடுத்த பேச்சு. அந்தப் பாதுகாப்பு சில மாதங்களில் குறைந்துவிடும், வயதானவர்களுக்கு இன்னும் சீக்கிரம். கிருமியும் மாறிக்கொண்டே இருப்பதால் தடுப்பூசியின் கலவையை ஆண்டுதோறும் ஆராய்ந்து புதுப்பிக்கிறார்கள்.

ஃப்ளூ வெறும் சளி இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு சர்க்கரை எகிறும், ஆஸ்துமா முற்றும், நிமோனியாவும் வரலாம். ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு அபாயம் சுமார் 6 மடங்கு என்று 2018இல் வெளிவந்த கனடா ஆய்வு சொல்கிறது. ஊசி போட்டாலும் ஃப்ளூ வரலாம், ஆனால் ஆஸ்பத்திரி வரை போகும் வாய்ப்பு குறையும்.

முன்பு இந்த ஊசியால் கடும் ஒவ்வாமை வந்தவர்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இப்போது காய்ச்சல் இருந்தால் சரியான பிறகு போட்டுக்கொள்ளலாம்.