வேன்கோமைசின் சாம்பிள் நேரம்: ஞாயிறு 7 மணிக்குப் பேசுவோம்

எல்லோருக்கும் வணக்கம். நம் பேட்ச்சில் வார்டு, ஐசியூ டியூட்டி பார்ப்பவர்கள் அவசியம் படியுங்கள்.

போன வாரம் என் வார்டில் நடந்தது. ஒரு நோயாளிக்கு வேன்கோமைசின் 1 கிராம், காலை 8, இரவு 8. இரவு டோஸ் 9.40க்கு முடிந்தது. 10 மணிக்கு ரத்தம் எடுத்து, சீட்டில் 'ட்ரஃப்' என்று எழுதிவிட்டோம். ரிசல்ட் 32. கிட்னிக்கு ஆபத்து என்று காலை டோஸை நிறுத்தச் சொன்னார்கள். 7.30க்கு மறுபடி எடுத்ததில் 14தான். மருந்து சரியாகத்தான் இருந்தது, நேரம்தான் தப்பு.

1. ட்ரஃப்: 4ஆவது டோஸுக்கு முந்தைய அரை மணிக்குள். திங்கள் காலை 8க்குத் தொடங்கினால், செவ்வாய் இரவு 7.30.
2. பீக்: டிரிப் முடிந்து 1 முதல் 2 மணி நேரம் கழித்து. உடனே எடுத்தால் மருந்து திசுக்களுக்குப் பரவியிருக்காது, அளவு கூடுதலாகக் காட்டும். ஏயூசி கணக்குப் போடும் இடங்களில்தான் பீக்கும் தேவை.
3. மருந்து ஏறும் லைனில் எடுக்காதீர்கள், மறு கையில் குத்துங்கள்.
4. டோஸ் தொடங்கிய, முடிந்த, ரத்தம் எடுத்த நேரம் மூன்றையும் சீட்டில் எழுதுங்கள். டோஸ் தாமதமானாலும் உண்மையான நேரத்தையே போடுங்கள்.

ஞாயிறு இரவு 7 மணிக்கு குரூப் கால். வருபவர்கள் சனிக்குள் 'வருகிறேன்' என்று போடுங்கள். உங்கள் வார்டில் பீக்கும் எடுக்கிறார்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.