மெய்ப்புத் திருத்துவோருக்கு ஒரு திறந்த மடல்: அரைப்புள்ளியைக் கொல்லாதீர்கள்

தமிழ்ப் பதிப்பகங்களிலும் இதழ்களிலும் மெய்ப்புப் பார்க்கும் நண்பர்களுக்கும், அவர்களுக்கு நடைவிதி வகுத்துத் தரும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அண்மையில் ஒரு பதிப்பகத்திலிருந்து என் கட்டுரையின் மெய்ப்பு வந்தது. பதிப்பகத்தின் பெயர் இங்கே வேண்டாம். நான் வைத்திருந்த அரைப்புள்ளிகள் அத்தனையும் சிறுகோடாகியிருந்தன, முக்காற்புள்ளிகளில் பாதியும் அப்படியே. கேட்டால், "கோடு போட்டால் எல்லாருக்கும் புரியும் சார்" என்றார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இன்றைக்கு எந்த நாளிதழை விரித்தாலும், எந்த முகநூல் பதிவைப் படித்தாலும், இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ஒரு கோடுதான் கிடக்கிறது. அந்தக் கோடு 'மேலும்' என்கிறதா, 'ஏனென்றால்' என்கிறதா, 'அதாவது' என்கிறதா என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, கோடு ஆகிய மூன்று குறிகளுக்கும் மூன்று வேலைகள் உண்டு. ஒரே செய்தியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தாலே அது தெரியும்.

கூட்டம் தள்ளிப்போனது; தலைவர் வரவில்லை.

கூட்டம் தள்ளிப்போனது: தலைவர் வரவில்லை.

கூட்டம் தள்ளிப்போனது – தலைவர் வரவில்லையாம்.

முதலாவதில் இரண்டு செய்திகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று எழுதியவர் காட்டுகிறார், ஆனால் என்ன தொடர்பு என்று அடித்துச் சொல்லவில்லை. தலைவர் வராததால் கூட்டம் தள்ளிப்போயிருக்கலாம். கூட்டம் தள்ளிப்போனது முன்பே தெரிந்ததால் அவர் வராமலும் இருந்திருக்கலாம். இரண்டாவதில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. முதல் பாதி 'ஏன்?' என்று கேட்க வைக்கிறது, இரண்டாம் பாதி அதற்குப் பதில் தருகிறது. மூன்றாவது பேச்சுவழக்கு: வாக்கியத்தை முடித்துவிட்டு, நினைவுக்கு வந்ததைக் கையோடு ஒட்டிவைப்பது. அந்த 'ஆம்' விகுதி அரைப்புள்ளிக்குப் பின்னால் வந்தால் எனக்குக் கொஞ்சம் விறைப்பாகத் தெரிகிறது, கோட்டுக்குப் பின்னால் வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறது.

இனி விதிக்கு வருகிறேன். குறி வைக்கப் போகும் இடத்துக்கு இடப்பக்கம் இருப்பதை மட்டும் முதலில் படியுங்கள். அங்கே முற்றுப்புள்ளி வைத்தால் வாக்கியம் நிற்குமா? நிற்காது என்றால் அரைப்புள்ளிக்கு அங்கே வேலையே இல்லை. நிற்கும் என்றால் வலப்பக்கத்தைப் படியுங்கள். இடப்பக்கம் எழுப்பிய 'எது, யார், ஏன், என்னென்ன' என்ற கேள்விக்கு அது பதிலா? பதில் என்றால் முக்காற்புள்ளி. பதிலாக இல்லாமல், தானும் ஒரு முழு வாக்கியமாக, இடப்பக்கத்துக்குச் சமமாக நின்றால் அரைப்புள்ளி. வலப்பக்கம் முழு வாக்கியமாகவும் இல்லை, பதிலாகவும் இல்லை, ஓட்டத்தின் நடுவே புகுந்தது அல்லது கடைசியில் ஒட்டிக்கொண்டது என்றால் கோடு.

தமிழில் இந்தச் சோதனை ஆங்கிலத்தைவிடச் சுலபம். காரணம் நம் வினை. 'வந்தாள்', 'போகிறது', 'இல்லை' என்று வினைமுற்றிலோ, 'அவர் ஆசிரியர்' என்பதுபோல் பெயர்ப் பயனிலையிலோ முடிந்தால்தான் வாக்கியம் முடிகிறது. 'வந்து', 'பாடி', 'போனபோது', 'இருந்தால்' என்றால் இன்னும் ஏதோ வரவேண்டும். ஆகவே எச்சத்துக்குப் பின்னால் அரைப்புள்ளி வைக்கவே கூடாது. "கயல் வந்தாள்; பாடினாள்; பரிசு பெற்றாள்" சரி. "கயல் வந்து; பாடி; பரிசு பெற்றாள்" தப்பு, அங்கே காற்புள்ளி போதும், அதுவும் இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. ஒரே எழுவாய் பல பயனிலை கொள்ளும் இடத்தில் அரைப்புள்ளி வரும் என்று பள்ளி இலக்கணம் சொல்லித்தந்ததன் பொருளும் இதுதான். பயனிலை என்று அந்த விதி கேட்கிறது, அதைக் கவனிக்காமல் நீளமான வாக்கியம் கண்ட இடத்திலெல்லாம் அரைப்புள்ளி தூவுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வேறொரு இடத்தில் மட்டும் அரைப்புள்ளி இந்த விதிக்கு வெளியே நிற்கும். பட்டியலுக்குள் பட்டியல் வரும்போது: "தஞ்சாவூரிலிருந்து இரண்டு நாதசுரம், இரண்டு தவில்; கும்பகோணத்திலிருந்து ஒரு நாதசுரம், ஒரு தவில்." இங்கே எல்லாம் காற்புள்ளியாக இருந்தால் யார் எந்த ஊர் என்று வாசகர் திரும்பப் படிக்க வேண்டிவரும்.

முக்காற்புள்ளியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது செய்யும் வேலையைச் செய்ய நம்மிடம் சொற்களும் உண்டு. 'ஆகிய', 'அதாவது', 'என்னவென்றால்' எல்லாம் அந்த வகை. சொல் இருக்கும்போது குறியும் சேர்ந்தால் இரட்டைத் தாழ்ப்பாள். "கோரிக்கை ஒன்றுதான், அதாவது: வாய்க்கால் தூர்வார வேண்டும்" என்பதில் ஒன்றை எடுத்துவிடலாம். "கோரிக்கை ஒன்றுதான்: வாய்க்கால் தூர்வார வேண்டும்." 'பின்வருமாறு:' என்பதையும், நாளிதழ்களின் 'அமைச்சர் கூறியதாவது:' என்பதையும் விட்டுவிடுங்கள், அவை வழக்கில் ஊறியவை, அடுத்து வருவதைச் சுட்டிக்காட்டி நிற்பவை.

கோடுதான் தமிழில் அதிகம் இடறுகிற இடம், ஏனென்றால் நம் வேற்றுமை உருபு சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை அடிக்கடி பார்க்கலாம்: "மூன்று மாவட்டங்கள் - தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தில் குறுவை நடவு தொடங்கியது." ஒரு கோடு போட்டு மூடாமல் விட்டதால் 'இல்' கோட்டைத் தாண்டிக் கடைசி ஊரின் வாலில் போய் ஒட்டிவிட்டது. 'மூன்று மாவட்டங்கள்' உருபில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. சோதனை எளிது. இரு கோடுகளுக்கு நடுவே உள்ளதை விரலால் மறைத்துப் படியுங்கள். மீதி வாக்கியம் பிழையில்லாமல் ஓட வேண்டும். "மூன்று மாவட்டங்களில் – தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் – குறுவை நடவு தொடங்கியது." ஓடுகிறது. ஆனால் உண்மையைச் சொன்னால், இந்த இடத்துக்கு எந்தக் குறியும் வேண்டாம்: "தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய மூன்று மாவட்டங்களில் குறுவை நடவு தொடங்கியது."

ஒற்றைக் கோட்டுக்கு நான் தரும் இடம் ஒன்றுதான். தமிழ் வாக்கியம் வினையில் முடியும், அதற்குப் பின்னால் வருவது வரிசை மீறியது. "எல்லாரும் வந்தார்கள் – ஒருவரைத் தவிர." பேச்சில் அந்தக் கணத்தில் குரல் நிற்கும், பிறகு அந்த மீதி வரும். அந்த நிறுத்தத்தை எழுத்தில் காட்டக் கோட்டைவிட நல்ல குறி நம்மிடம் இல்லை.

ஒரு பத்தியில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். மெய்ப்பில் இப்படி வருகிறது என்று வையுங்கள்:

"மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட்டது - கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நாளாவது ஆகும் - கடைமடை விவசாயிகள் - போன ஆண்டு தண்ணீர் கிடைக்காதவர்கள் - காத்திருக்கிறார்கள் - அவர்கள் கேட்பது ஒன்றுதான் - வாய்க்கால் தூர்வாரி முடிக்க வேண்டும்."

ஆறு கோடுகள். முதல் கோட்டின் இடப்பக்கம் 'திறக்கப்பட்டது', முற்று. வலப்பக்கம் பதில் அல்ல, சமமான இன்னொரு செய்தி. அரைப்புள்ளி. இரண்டாவதின் வலப்பக்கம் ஆள் மாறுகிறது, அணையிலிருந்து விவசாயிக்குப் போகிறது. அங்கே முற்றுப்புள்ளியே வையுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஓர் அரைப்புள்ளிக்கு மேல் எனக்குச் சந்தேகம் வரும். மூன்றாவதும் நான்காவதும் இணை. நடுவில் உள்ளதை மறைத்தால் "கடைமடை விவசாயிகள் காத்திருக்கிறார்கள்" என்று ஓடுகிறது, கோடுகள் இருக்கட்டும். ஐந்தாவது முற்றுப்புள்ளி. ஆறாவதில் 'ஒன்றுதான்' என்றதும் 'எது?' என்ற கேள்வி பிறந்துவிட்டது. முக்காற்புள்ளி.

"மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட்டது; கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நாளாவது ஆகும். கடைமடை விவசாயிகள் – போன ஆண்டு தண்ணீர் கிடைக்காதவர்கள் – காத்திருக்கிறார்கள். அவர்கள் கேட்பது ஒன்றுதான்: வாய்க்கால் தூர்வாரி முடிக்க வேண்டும்."

இந்தக் குறிகள் தமிழுக்கு வந்தவைதாம், ஓலையில் இல்லாதவைதாம். 1490களில் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுட்டியஸின் அச்சகத்தில் பிறந்தது அரைப்புள்ளி. நம் பக்கம் ஆறுமுக நாவலர் போன்ற 19ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள்தான் உரைநடையில் குறிகளைப் பழக்கினார்கள். அவர்களுக்கு முன்பு அந்த வேலையை வினைமுற்றும் 'என்க'வும் 'என்றவாறு'ம் செய்தன. 'வந்த குறிகள்தானே, எடுத்துவிடலாமே' என்று சிலர் கேட்பதுண்டு. எடுக்கட்டும், ஆனால் பழைய உரையாசிரியர்போல் 'என்க' என்று முடிக்கவும் துணிய வேண்டும்.

அரைப்புள்ளி அருகியதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது என்பது என் ஊகம். பாமினி எழுத்துருவில் `f;` என்று தட்டினால்தான் 'க்' வரும். அதாவது அரைப்புள்ளி விசை மெய்யெழுத்துப் புள்ளிக்குப் போய்விட்டது, அரைப்புள்ளியை வேறெங்கோ தேட வேண்டும். கைக்கு எட்டியதோ சிறுகோடு. பாமினியும் ஒருங்குறியும் கலந்த கோப்பை மொத்தமாக மாற்றும்போது இன்னொரு கோளாறும் நேரும்: உண்மையான அரைப்புள்ளிகளும் மெய்ப்புள்ளியாகிவிடும். 'வந்தாள்' என்ற சொல்லுக்குப் பின்னால் புள்ளி வைத்த வெற்று வட்டம் ஒன்று தனியே தெரிந்தால், அங்கே ஓர் அரைப்புள்ளி செத்திருக்கிறது என்று அறிக.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். கோட்டை உண்மையான கோடாக இடுங்கள். எண்விசைகளில் Alt+0150 தட்டினால் – வரும். இணைப்புக்குறியைச் சொற்களை ஒட்டுவதற்கு மட்டும் வையுங்கள். கோட்டுக்கு முன்னால் பிரியாத இடைவெளி விடுங்கள், வேர்டில் அதற்கு Ctrl+Shift+Space. இல்லையேல் அடுத்த வரியின் தலையில் கோடு வந்து உட்காரும். முக்காற்புள்ளிக்கு முன்னால் இடைவெளி வேண்டாம். தேடி-மாற்று வசதியால் ஒரு குறியை மொத்தமாக இன்னொன்றாக மாற்றும் வழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள், ஒவ்வொன்றிலும் நின்று இடப்பக்கத்தைப் படியுங்கள். சிறுகதையிலும் கவிதையிலும் எழுதியவரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். அங்கே என் விதி செல்லாது, அவர்கள் வேண்டுமென்றே மீறியிருப்பார்கள்.

அன்புடன்,
உங்களிடம் மெய்ப்பு வாங்கும் எழுத்தாளன்