வேலூர் காந்தி ரோடு, ஆபீசர்ஸ் லைன் பக்கம் டீ காபி கடை வச்சிருக்கிற அண்ணன்மாருங்களுக்கும் பாய்ங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம். உங்கள்ல பாதிப் பேருக்கு என்னைத் தெரியும், டிவிஎஸ்ல பின்னாடி மூட்டையைக் கட்டிக்கிட்டு சர்க்கரை, டீத்தூள், காபித்தூள், பேப்பர் கப், பால் பவுடர் எல்லாம் போடுறவன். பேரு எழுதல, எழுதுனா நாளைக்கே ஆர்டர் நின்னுடும், வீட்ல திட்டு விழும். இது சண்டைக்கு எழுதறதும் இல்ல. நான் கொண்டாந்து இறக்குற ரெண்டு மூட்டையும் ஒண்ணுதான்னு நம்மாளுங்க நெறய பேரு நினைச்சிக்கிட்டு இருக்காங்க, அதான் விஷயம்.

ஒரு மூட்டை டெய்ரி ஒயிட்னர். அது பால்லேர்ந்து வந்தது, பாலைக் காயவச்சு பவுடராக்கி கூட சர்க்கரை சேர்த்தது. இன்னொரு மூட்டைல "நான்-டெய்ரி கிரீமர்", அதாவது பால் இல்லாத கிரீமர்னு போட்டிருக்கும், 25 கிலோ, விலையும் கம்மி. ரெண்டும் வெள்ளையாத்தான் இருக்கு, வெந்நீர்ல போட்டா ரெண்டும் பால் கலர்லதான் வருது, அதனால "பவுடர் பால் ஒரு மூட்டை போடு நைனா"ன்னு போன்ல சொன்னா எதைச் சொல்றீங்கன்னு நான் திருப்பிக் கேக்க வேண்டி இருக்கு, அதுக்கு "எது சீப்போ அது"ன்னு பதில் வருது.

அந்த சீப்பான மூட்டையோட பின்பக்கம் என்ன இருக்குன்னு ஒரு தடவை திருப்பிப் பாருங்க. நம்ம நாட்டு சட்டப்படி எது எடைல ஜாஸ்தியோ அதைத்தான் முதல்ல எழுதணும், அதனால மேல இருந்து கீழ படிச்சாலே கதை புரிஞ்சிடும். முதல் பேரு குளுக்கோஸ் சிரப் பவுடர், அதாவது மக்காச்சோள மாவையோ மரவள்ளி மாவையோ உடைச்சு எடுத்த சர்க்கரைப் பாகைக் காயவச்சது, பெரும்பாலும் மூட்டைல பாதிக்கு மேல இதுதான். ரெண்டாவது ஹைட்ரஜன் ஏத்துன தாவர எண்ணெய், பாமாயில் கொட்டையோட எண்ணெயோ தேங்கா எண்ணெயோ, ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு. அப்புறம் சோடியம் கேசினேட்னு ஒண்ணு, நூத்துக்கு ரெண்டு மூணு பங்குதான் இருக்கும். மிச்சம் பொட்டாசியம் பாஸ்பேட், எண்ணெயும் தண்ணியும் பிரியாம பிடிச்சு வைக்க 471ன்னு நம்பர் போட்ட பொருள், கட்டி ஆகாம இருக்க 551ன்னு நம்பர் போட்ட பொருள், வாசனை.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க, அந்த கேசினேட் பால்லேர்ந்து எடுக்கிற புரதம்தான். பேரு "நான்-டெய்ரி", உள்ள பால் புரதம். அதனால பால் அலர்ஜி இருக்கிற ஆளு "பால் இல்லாத காபி குடுங்க"ன்னு கேட்டா இதைக் கலந்து குடுக்கக்கூடாது. லாக்டோஸ்ங்கற பால் சர்க்கரை ஒத்துக்காம வயிறு உப்புறவங்களுக்கு இது பெரும்பாலும் பிரச்சனை பண்ணாது, ஆனா அதுவும் அலர்ஜியும் வேற வேற.

பொட்டாசியம் பாஸ்பேட் எதுக்குன்னு ஒரு பாய் கேட்டாரு. காபி கொஞ்சம் புளிப்புத்தன்மை உள்ளது, சூடா இருக்கிற டிகாஷன்ல பால் புரதம் பட்டா துணுக்கு துணுக்கா திரிய வாய்ப்பு இருக்கு, அதைத் தடுக்கத்தான் அந்த உப்பு. அதையும் மீறி சில நாள் உங்க கப்ல மேல சின்னச் சின்னதா வெள்ளைத் துகள் மிதக்குது இல்ல, பவுடர் கெட்டுப் போச்சுன்னு என்கிட்ட சண்டைக்கு வர்றீங்க. பவுடர் மேல மட்டும் பழி போடாதீங்க, போர் தண்ணி உப்புத் தண்ணியா இருந்தா அதுல இருக்கிற கால்சியம் அந்த கேசினேட்டோட ஒட்டிக்கிட்டு துகள் விடும். கேன் தண்ணில ஒரு கப் போட்டுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

சரி, கணக்குக்கு வர்றேன். ஒரு டம்ளர் காபிக்கு நீங்க 80 மில்லி பால் ஊத்துறீங்கன்னு வச்சிக்குவோம், ஆவின் நீல பாக்கெட், 3 சதவீதம் கொழுப்பு. அந்த 80 மில்லில ரெண்டரை கிராம் புரதம், ரெண்டரை கிராம் கொழுப்பு, நாலு கிராம் கிட்ட பாலோட இயற்கையான சர்க்கரை, 90 மில்லிகிராம் கால்சியம். கலோரி 46 வரும். அதே டம்ளருக்கு கிரீமர் 8 கிராம் போட்டா குளுக்கோஸ் சிரப் நாலரை கிராம், கொழுப்பு ரெண்டரை கிராம், புரதம் 0.2 கிராம், கால்சியம்னு சொல்லிக்கிற அளவுக்கு ஒண்ணும் இல்ல. கலோரி 41. ஒயிட்னர் 8 கிராம் போட்டா புரதம் ஒன்றரை கிராம் வந்துடும், சேர்த்த சர்க்கரை ஒன்றரை கிராம், அது நடுவுல நிக்குது.

கலோரியை மட்டும் பாத்தா பாலும் கிரீமரும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனாலதான் காபி மெஷின் கம்பெனி ஆளுங்க "எல்லாம் ஒண்ணுதான் சார்"ன்னு தைரியமா சொல்றாங்க. பால்ல இருந்து புரதமும் கால்சியமும் போய் அந்த இடத்துல சர்க்கரைப் பாகு உக்காந்திருக்குன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க. கொழுப்பும் அளவுல சமம், ஆனா பால் கொழுப்புல மூணுல ரெண்டு பங்கு கிட்டதான் உறையுற வகை, முழுசா ஹைட்ரஜன் ஏத்துன கொட்டை எண்ணெய்ல கிட்டத்தட்ட எல்லாமே அந்த வகை. டிரான்ஸ் கொழுப்புன்னு முன்ன பயமுறுத்துவாங்க, அதுக்கு 2022 ஜனவரிலேர்ந்து எண்ணெய்ல 2 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு விதி வந்துடுச்சு, ஒழுங்கான கம்பெனி மூட்டைல அது பெரிய கவலை இல்ல. பேரே இல்லாத, லைசென்ஸ் நம்பர் இல்லாத மூட்டைக்கு நான் கேரண்டி குடுக்க மாட்டேன், விக்கறதும் இல்ல.

இதெல்லாம் எந்த ஊர் கடைக்கும் பொருந்தும். உங்களுக்குன்னு தனியா எழுத ஒரு காரணம் இருக்கு, உங்க கடைல வந்து நிக்கிறவங்க யாருன்னு யோசிச்சுப் பாருங்க. வங்காளத்துலேர்ந்து, வடகிழக்குலேர்ந்து, ஆந்திராவுலேர்ந்து வைத்தியத்துக்கு வந்து லாட்ஜ்ல ரூம் எடுத்து வாரக்கணக்கா தங்கி இருக்கிறவங்க. உங்க போர்டுல பாதி வங்காளிலதான எழுதி இருக்கு. அதுல சர்க்கரை வியாதிக்காரங்க எத்தனை பேரு, "சீனி போடாம ஒண்ணு"ன்னு கேக்கிறவங்க எத்தனை பேரு. நீங்களும் நல்ல மனசோட சீனி போடாமத்தான் குடுக்கிறீங்க, ஆனா கிரீமர் கலந்த காபின்னா நாலரை கிராம் குளுக்கோஸ் சிரப் ஏற்கனவே உள்ள போய்டுச்சு, அது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் சர்க்கரை. இனிப்பு கம்மியா இருக்கும், நாக்குக்குத் தெரியாது, ரத்தத்துக்குத் தெரியும். பால்ல இருக்கிற சர்க்கரை புரதத்தோடயும் கொழுப்போடயும் சேர்ந்து மெதுவாத்தான் ஏறும், இது வேகமா ஏறும். ஒரு கப்னா பரவால்லன்னு விட்டுடலாம், ஆனா ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வெளிய உக்காந்திருக்கிறவங்க பொழுது போகாம நாலு அஞ்சு குடிக்கிறாங்களே.

கிட்னி நோயாளிங்க கதை நேர் எதிர். அவங்களுக்கு பால்ல இருக்கிற பாஸ்பரஸ் ஜாஸ்தின்னு டயட்டீஷியனே பாலைக் குறைக்கச் சொல்லுவாங்க, அதனால அவங்ககிட்ட பால்தான் நல்லதுன்னு நாம பிரசங்கம் பண்ணக்கூடாது. பவுடர்லயும் பாஸ்பேட் இருக்கு, அளவு கம்மி ஆனா உடம்பு அதை சுளுவா இழுத்துக்கும். என்ன கலக்குறீங்கன்னு உண்மையைச் சொன்னா போதும், முடிவை அவங்க டாக்டர் பாத்துப்பாரு.

இப்போ நான் இந்த மடலை எழுத உக்காந்ததுக்கு உண்மையான காரணம். போன மாசம் ஒரு கடைல மூட்டை இறக்கிக்கிட்டு இருக்கேன், கடை பேரு வேணாம், ஒரு பொண்ணு இடுப்புல ஒரு வயசுக் கைக்குழந்தை, கைல பாட்டிலு, "கொஞ்சம் பால் குடுங்கண்ணா, குழந்தைக்கு"ன்னு கேட்டுச்சு. பால் தீந்து போயிருந்தது. பையன் யோசிக்கவே இல்ல, டப்பாவுலேர்ந்து ரெண்டு ஸ்பூன் கிரீமரைப் பாட்டில்ல போட்டு வெந்நீர் ஊத்திக் குலுக்கிக் குடுத்தான், பாக்க அப்படியே பால். நான் குறுக்க போய் நிறுத்தி எதிர்க்கடைல பாக்கெட் பால் காய்ச்சி வாங்கிக் குடுத்தேன். பையன் மேல தப்பு இல்ல, அவனுக்கு யாரும் சொல்லல. அந்தப் பாட்டில்ல இருந்தது சர்க்கரைப் பாகும் எண்ணெயும், குழந்தை வளர்றதுக்கு வேண்டிய புரதம் கிடையாது. ஒரு வேளைனா ஒண்ணும் ஆகாது, ஆனா அந்தம்மா "இந்தக் கடைல பால் நல்லா இருக்கு"ன்னு தினம் வந்தா? லாவோஸ் நாட்டுல காபிக்கு ஊத்துற கிரீமரைப் பால்னு நினைச்சு கைக்குழந்தைங்களுக்குக் குடுத்து, குழந்தைங்க சத்து இல்லாம போனதைப் பத்தி 2008லயே பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல கட்டுரை வந்திருக்கு.

இன்னொண்ணு, இது உங்களுக்கே பிடிக்காது, இருந்தாலும் சொல்றேன். சிலர் பால்ல தண்ணி விட்டுட்டு திக்கு வரணும்னு ஒரு கரண்டி கிரீமர் போடுறாங்க. தண்ணி மட்டும் விட்டா லேக்டோமீட்டர் காட்டிக் குடுத்துடும், பவுடர் போட்டா அடர்த்தி திரும்ப ஏறி மீட்டர் பழைய இடத்துலயே நிக்கும், அதனால மாட்ட மாட்டோம்னு ஒரு தைரியம். மீட்டர் ஏமாறும், ஆனா லேப்ல புரதத்தையும் கொழுப்போட வகையையும் பாத்தா தெரிஞ்சிடும், அப்ப அது கலப்படம், கேஸு.

குடிக்கிறவங்களும் கண்டுபிடிச்சிடுறாங்க. காபி ஆறுன பிறகு மேல ஆடை படியாது, நாக்குலயும் மேலண்ணத்துலயும் மெழுகு தடவுன மாதிரி ஒட்டும். சந்தேகமா இருந்தா நீங்களே பவுடரை நல்லா கரைச்சு வெதுவெதுப்பா ஒரு ஸ்பூன் தயிர் விட்டு ராத்திரி மூடி வைங்க. டெய்ரி ஒயிட்னர் காலைல தயிரா உறைஞ்சிருக்கும், கிரீமர் உறையாது, தண்ணியாத்தான் கிடக்கும். எனக்கு டெலிவரி வர்ற மூட்டைல லேபிள் கிழிஞ்சிருந்தா நான் இப்படித்தான் பாக்கிறேன்.

உங்க கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல. சித்திரை வெயில்ல காலைல வாங்கின பால் மதியம் மூணு மணிக்கு திரிஞ்சு போய்டுது, திரும்பத் திரும்ப காய்ச்ச கேஸ் செலவு, ஒரு லிட்டர் பால்ல 12 கப்தான் வரும், ஒரு கிலோ பவுடர்ல 125 கப் வரும். இந்தக் கணக்குல பவுடரே வேணாம்னு சொன்னா நீங்க என்னைத்தான் வேணாம்னு சொல்லுவீங்க. ராத்திரி பதினோரு மணிக்கு பால் கிடைக்காத நேரத்துல காபி கேக்கிறவனுக்கு பவுடர் காபி குடுக்கலாம், அவன் குடிச்சிட்டுப் போவான். பவுடர் காபின்னு சொல்லிக் குடுங்க, விலையும் ரெண்டு ரூபா குறைச்சுப் போடுங்க. பால் தீந்த நேரத்துக்குன்னு வைக்கிறது டெய்ரி ஒயிட்னரா இருக்கட்டும், விலை கொஞ்சம் ஜாஸ்திதான், ஆனா பால்லேர்ந்து வந்தது.

அடுத்த லோடுலேர்ந்து நான் கிரீமர் மூட்டைல ஸ்கெட்ச்ல பெருசா "இது பால் இல்ல, குழந்தைக்குக் குடுக்காதீங்க"ன்னு தமிழ்லயும் வங்காளிலயும் எழுதித்தான் இறக்குவேன், வங்காளிக்கு லாட்ஜ்ல ரிசப்ஷன்ல இருக்கிற தம்பி எழுதித் தரேன்னு சொல்லிட்டான். டப்பாவுல கொட்டும்போது அதே வார்த்தையை டப்பா மேலயும் ஒட்டிடுங்க, கடைல வேலை பாக்கிற பசங்க மாறிக்கிட்டே இருக்காங்க, டப்பா அங்கயேதான் இருக்கும். அப்படி எழுத வேணாம்னு சொல்ற கடைக்கு கிரீமர் இறக்க மாட்டேன், மத்த சரக்கு எப்பவும் போல காலைல ஆறு மணிக்கு வந்துடும்.

இப்படிக்கு,
உங்களுக்கு சரக்கு போடுற தம்பி
வேலூர்