கிச்சன் கட்டடமா, சாமானா? வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டுக் காப்பீட்டுப் பாலிசி எழுதுகிறவர்களுக்கும், கிளெய்ம் வந்தால் பார்க்க வருகிற சர்வேயர்களுக்கும் வணக்கம்.

நான் சென்னையில் மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், வார்ட்ரோப் வேலை எடுத்துச் செய்கிறவன். காப்பீடு என் தொழில் இல்லை. ஆனால் தண்ணீரோ தீயோ வந்து போன வீட்டுக்கு உங்கள் சர்வேயருக்கு அடுத்தபடியாக வந்து நிற்கிற ஆள் நான்தான். "இதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும், எழுதிக் கொடுங்க" என்று கேட்பார்கள். எழுதிக் கொடுத்த அந்தத் தாள் இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே மாறி மாறிப் போவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மடிப்பாக்கத்தில் ஓர் ஆசிரியை வீடு. குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்த நாளில் மேல்வீட்டுக் குடிநீர்க் குழாய் உடைந்து, இரவு முழுக்கத் தண்ணீர் தளம் வழியாக இறங்கியிருக்கிறது. கிச்சன் சீலிங் முழுவதும், ஹால் சீலிங்கில் பாதியும் ஊறித் தொங்கி விழுந்துவிட்டன. தரையில் நின்ற தண்ணீரில் சமையல் மேடைக்குக் கீழே வைக்கிற பெட்டிகளான பேஸ் யூனிட்களில் ஐந்தின் அடிப்பலகை உப்பிப் போனது. சிம்னியும், மேடையில் பதித்த அடுப்பான ஹாப்பும் போயின. சீலிங்குக்கு 48,000, பேஸ் யூனிட்களுக்கு 1,12,000, சிம்னிக்கும் ஹாப்புக்கும் 26,000 என்று மொத்தம் 1,86,000 ரூபாய்க்கு மதிப்பீடு கொடுத்தேன்.

அவரிடம் இரண்டு பாலிசிகள் இருந்தன. வங்கிக் கடனோடு வந்த கட்டடப் பாலிசி ஒரு நிறுவனத்தில். வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் அவராக எடுத்தது இன்னொரு நிறுவனத்தில். "ரெண்டும் இருக்கே சார், எது விட்டாலும் இன்னொண்ணு பிடிச்சுக்கும்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பொருள் பாலிசிக்காரர் வந்து, சிம்னியையும் ஹாப்பையும் மட்டும் குறித்துக்கொண்டார். மற்றதெல்லாம் சுவரோடும் தளத்தோடும் பொருத்தியது, கட்டடத்தில் கேளுங்கள் என்றார். கட்டடப் பாலிசிக்காரர் வந்து, நாங்கள் காப்பீடு செய்தது பில்டர் கட்டிக் கொடுத்த வீட்டை, இது நீங்கள் பிறகு செய்துகொண்ட இன்டீரியர், பொருள் பாலிசியில் கேளுங்கள் என்றார். சிம்னிக்கும் ஹாப்புக்கும் பணம் வந்துவிட்டது. மீதி 1,60,000 ரூபாய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது.

அப்புறம்தான் நானும் அவரும் உட்கார்ந்து பாலிசி வாசகத்தைப் படித்தோம். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தோடு விற்கிற 'பாரத் கிருஹ ரக்ஷா'தான் இரண்டுமே. அதில் கட்டடம் என்றால் சுவர், தளம், கூரை மட்டும் இல்லை. தரையிலோ சுவரிலோ கூரையிலோ நிரந்தரமாகப் பொருத்தப்பட்டவையும் கட்டடத்தில் சேரும். வீட்டுப் பொருள் என்றால் அப்படி நிரந்தரமாகப் பொருத்தப்படாதவை. யார் பொருத்தியது, பில்டரா வீட்டுக்காரரா என்ற கேள்வியே அந்த வரையறையில் இல்லை.

ஃபால்ஸ் சீலிங் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தளத்தில் துளை போட்டு, தகரச் சேனல்களைத் தொங்கவிட்டு, அதில் ஜிப்சம் போர்டைத் திருகி, இணைப்பில் டேப் ஒட்டிப் பூசி, பெயின்ட் அடிக்கிறோம். அதைக் கழற்றி அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போனவரை இதுவரை நான் பார்த்ததில்லை. கழற்றினால் தூள்தான் மிஞ்சும்.

கிச்சன்தான் சிக்கல். பேஸ் யூனிட் ஒவ்வொன்றும் தனிப்பெட்டி, பிளாஸ்டிக் கால்களில் நிற்கும். முன்னால் இருக்கிற ஸ்கர்டிங்கை இழுத்தால் கையோடு வந்துவிடும். கட்டடப் பாலிசி சர்வேயர் அதைத்தான் இழுத்துப் பார்த்துவிட்டு, "பாருங்க, மேசை மாதிரி காலில் நிற்குது, இது ஃபர்னிச்சர்" என்றார். பொருள்களின் பட்டியலில் 'சமையலறைச் சாதனங்கள்' என்ற சொல் இருப்பதையும் காட்டினார். சும்மா சொல்லக் கூடாது, மனிதர் கூர்மையானவர்தான். ஆனால் பெட்டிக்கு உள்ளே தலையை விட்டுப் பார்க்கவில்லை. பின்பலகை வழியாக ஒவ்வொரு பெட்டியையும் எல் கிளாம்ப் போட்டுச் சுவரில் திருகியிருக்கிறோம். மேலே கிரானைட் பலகை, சுவரோடு சேரும் இடத்தில் சிலிகான். அதில் வெட்டி இறக்கிய சிங்க், சிங்கிலிருந்து சுவருக்குள் போகிற கழிவுக் குழாய். கிரானைட்டை உடைக்காமல், குழாயை அறுக்காமல் ஒரு பெட்டியைக்கூட வெளியே எடுக்க முடியாது. கால் இருப்பது மட்டம் பார்ப்பதற்கு, நகர்த்துவதற்கு இல்லை. தனியாக ஓரத்தில் நிற்கிற ஒரு பான்ட்ரி அலமாரியை ஃபர்னிச்சர் என்று சொன்னால் நான் வாதாட மாட்டேன்.

சிம்னியும் சுவரில்தானே இருக்கிறது, அது மட்டும் எப்படிப் பொருள் ஆனது என்று அந்த அம்மா கேட்டார். சுவரில் மாட்டிய மின்சாதனங்களும் பொருள்களில் சேரும் என்று வாசகமே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அதனால் அந்த 26,000க்கு எந்த இழுபறியும் இல்லை. ஒரு வரி தெளிவாக எழுதியிருந்தால் வேலை எவ்வளவு சீக்கிரம் முடிகிறது, பாருங்கள்.

கட்டடப் பாலிசிக்காரர் சொன்ன இன்னொரு காரணம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. காப்பீட்டுத் தொகையைக் கணக்கிட்டதில் இன்டீரியர் மதிப்பே இல்லை என்றார். அது உண்மை. கார்பெட் ஏரியாவைச் சதுர அடிக்கான கட்டுமானச் செலவு விகிதத்தால் பெருக்குவதுதான் அந்தக் கணக்கு. அவர் வீடு 850 சதுர அடி. பில்டர் விகிதமான 2,200 ரூபாயைப் போட்டு 18,70,000 என்று எழுதியிருந்தார்கள். கிச்சன், சீலிங், வார்ட்ரோப், டிவி யூனிட் எல்லாம் சேர்த்து அவர் செலவழித்த 9 லட்சம் அதில் எங்கேயும் இல்லை.

ஆனால் அதை வைத்து 1,60,000 ரூபாயை மறுக்க முடியாது. உண்மையான மதிப்பைவிடக் குறைந்த தொகைக்குக் காப்பீடு எடுத்திருந்தார் என்பதற்காக, இந்தப் பாலிசியில் கிளெய்மை விகிதாசாரமாக வெட்டுவது கிடையாது. காப்பீட்டுத் தொகைக்குள் வருகிற சேதம் என்றால் முழுதாகக் கொடுக்க வேண்டும். 18,70,000க்குள் 1,60,000 தாராளமாக அடங்குகிறது. விகிதம் குறைவாக எழுதியதன் வலி வேறு நாளில்தான் தெரியும். வீடே எரிந்து போனால் 18,70,000 சுவரையும் தளத்தையும் திரும்பக் கட்டவே சரியாகிவிடும், 9 லட்சம் இன்டீரியருக்கு ஒரு ரூபாய் மிஞ்சாது. அந்த 9 லட்சத்தை 850ஆல் வகுத்தால் சதுர அடிக்குச் சுமார் 1,060 ரூபாய். விகிதத்தை 3,260 என்று எழுதியிருந்தால் தொகை 27,71,000 ஆகியிருக்கும். அதற்கான கூடுதல் பிரீமியம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய். அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

முடிவில் என்ன ஆனது என்றால், கிளாம்ப்களைக் கழற்றும்போது எடுத்த படங்களையும் கிரானைட்டுக்குக் கீழே எடுத்த படங்களையும் சேர்த்து எழுத்தில் முறையிட்டார். முதலில் சீலிங்குக்கு வந்தது. பேஸ் யூனிட்டுக்கு மேலும் ஏழு வாரம். அந்தத் தாமதத்தில் என் தப்பும் இருக்கிறது. என் பழைய பில்லில் "இன்டீரியர் வேலை, லம்ப்சம், 9,00,000" என்று ஒரே வரி. எது சுவரில், எது தரையில், எந்தப் பெட்டிக்கு எவ்வளவு என்று எதுவுமே இல்லை. அதை வைத்து எந்த சர்வேயர் கையெழுத்துப் போடுவார்? பழைய கொட்டேஷனைத் தேடி எடுத்துப் பிரித்து எழுதிக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது.

ஒரு விஷயத்தில் நீங்கள் சந்தேகப்படுவது நியாயம். குழாய் உடைந்து ஒரே இரவில் வந்த சேதம் பாலிசிக்குள் வரும். மாதக்கணக்கில் கசிந்ததை அதில் ஏற்ற முடியாது. எங்களுக்கு அது பார்த்த உடனே தெரியும். கசிவு என்றால் போர்டில் பழுப்பு வளையம் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும், உள்பக்கம் பூஞ்சை, திருகுகள் துருவேறித் தலை உதிரும். ஒரே நாளில் ஊறியது என்றால் போர்டு வெள்ளையாக வயிறு தள்ளித் தொங்கும், திருகு பளபளவென்று இருக்கும். அந்த வீட்டில் இரண்டாவதுதான். உடைந்த போர்டுத் துண்டு ஒன்றைத் திருகோடு எடுத்து வைத்திருந்தேன், அதுவும் உதவியது.

வாடகை வீட்டில் இருந்துகொண்டு சொந்தச் செலவில் கிச்சன் போட்டவர்கள் கதை இன்னும் மோசம். கட்டடப் பாலிசி வீட்டு உரிமையாளர் பெயரில், பொருத்திய கிச்சன் இவர் பணத்தில். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், வாடகைதாரர் தான் பொருத்தியதைக் காலி செய்யும்போது எடுத்துப் போகலாம் என்கிறது, குடிவந்தபோது வீடு இருந்த நிலையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். எடுத்துப் போகத் தன்னுடையது, காப்பீட்டில் மட்டும் உரிமையாளருடைய கட்டடம். அவர் எந்தப் பாலிசி எடுப்பது? இதற்கு என்னிடம் பதில் இல்லை, உங்கள் ஏஜென்டுகள் இருவரைக் கேட்டேன், இரண்டு பதில் வந்தது.

நான் கேட்பது பாலிசி வாசகத்தைப் புதிதாக எழுதச் சொல்லி இல்லை. முன்மொழிவுப் படிவத்தில், கார்பெட் ஏரியா கேட்கிற இடத்துக்குக் கீழே ஒரு வரி வையுங்கள்: "வாங்கிய பிறகு நீங்கள் செய்த பொருத்தப்பட்ட இன்டீரியர் வேலையின் மதிப்பு எவ்வளவு?" எழுதுகிற தொகை விகிதத்தில் ஏறட்டும், ஷெட்யூலில் கட்டடத்துக்குக் கீழே தனியாக அச்சாகட்டும். பேஸ் யூனிட், வால் யூனிட், லாஃப்ட், சீலிங் எல்லாம் கட்டடம், சிம்னியும் ஹாப்பும் பொருள் என்று விளக்கக் குறிப்பில் பெயர் சொல்லிப் போடுங்கள். கட்டடமும் பொருளும் ஒரே நிறுவனத்தில் எடுத்திருக்கிறவரை, எந்தத் தலைப்பு என்று நீங்கள் முடிவுசெய்கிற வரை காக்க வைக்காதீர்கள். எந்தப் பையில் இருந்து எடுத்தாலும் பணம் உங்கள் பணம்தானே.

என் பக்கத்தில் இந்த மாதம் முதல் பில்லை இரண்டு தாளாகப் பிரித்துவிட்டேன். ஒன்றில் பொருத்தியவை, எங்கே எப்படிப் பொருத்தியது என்ற குறிப்போடு. இன்னொன்றில் கழற்றக்கூடியவை. கிரானைட்டை வைத்து மூடுவதற்கு முன்னால் கிளாம்ப் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வீட்டுக்காரர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடச் சொல்லி ஆசாரியிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் பாதி நாள் மறக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் சர்வேயருக்கு அடுத்து வருகிற இன்டீரியர்காரன்