எதிர்க்கடை அண்ணனுக்கும் ராத்திரி ஆட்களுக்கும்

மண்டபம் ஜெட்டிக்குப் போகும் சாலையில் பரோட்டாக் கடை போட்டிருப்பவன் எழுதுகிறேன். ஜூன் 14 ராத்திரி என்னோடு நின்ற எல்லோருக்கும் நன்றி. நேரில் சொன்னால் "போய்க் கல்லைப் பாருப்பா" என்பீர்கள்.

அன்றோடு 61 நாள் தடைக்காலம் முடிகிறது, விடிந்தால் விசைப்படகுகள் கடலுக்கு. பார்சல் கூட்டம் அள்ளும் என்று 10 கிலோ மைதா பிசைந்தேன். 80 கிராம் உருண்டையாக 200 வந்தது. சிலிண்டரையும் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். காலியான பகுதி சட்டென்று காய்ந்துவிடும், கேஸ் உள்ள பகுதி ஈரமாகவே நிற்கும். பாதிக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. போதும் என்று விட்டுவிட்டேன்.

கச்சான் காற்றை மறந்தது என் புத்தி. தீயை அது கல்லுக்கு வெளியே தள்ளியது. கல் காயவில்லையே என்று நானும் குமிழைத் திருப்பிக்கொண்டே போனேன். பதினொன்றரைக்கு அடுப்பு அணைந்தது. 120 உருண்டை எண்ணெயில் கிடக்கிறது. அந்தப் புழுக்கத்தில் ரொம்ப நேரம் விட்டால் மாவு நெகிழ்ந்து வீசும்போதே கிழியும்.

ஐஸ் ஏற்றும் தம்பிகள் இரண்டு தகரத்தைக் கொண்டுவந்து காற்று வரும் பக்கம் பிடித்தார்கள். கேஸே இல்லாத அடுப்புக்குத் தடுப்பு. சிரிப்பு வந்தது, ஆனால் அந்தத் தகரம்தான் அப்புறம் ராத்திரி முழுக்கக் காப்பாற்றியது. வலைக்காரர் ஒருவர் பசியோடு உட்கார்ந்தே இருந்தார், எதிர்க்கடைக்குப் போகவில்லை.

எதிர்க்கடையிலிருந்துதான் சிலிண்டர் வந்தது. முட்டைப் பரோட்டாவை நான் ஐந்து ரூபாய் குறைத்ததிலிருந்து இரண்டு வருஷமாக அண்ணன் என்னோடு பேசுவதில்லை. மாற்று சிலிண்டரைத் தன் கடை மாஸ்டரிடம் உருட்டிவிட்டிருந்தார்.

மாஸ்டர் வெள்ளந்தி. ரெகுலேட்டரை மாட்டிக்கொண்டே, "மளிகைக் கடை பாக்கியக் கட்டினதும் எங்க அண்ணன்தான், தெரியாதா?" என்றார். தடைக்காலத்தில் படகு ஆட்களுக்குப் பற்று எழுதியே என் கை காய்ந்து, மளிகையில் 6,400 நின்றது. இனி மைதா இல்லை என்ற மளிகைக்காரர், அன்று சாயங்காலம் மூட்டையை இறக்கிவிட்டுப் போனார். மனசு இளகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டு மணிக்கு, கடைசி உருண்டையும் தீர்ந்தபின் போய்க் கேட்டேன். "நீ அடைச்சா இந்த முனையில ஒத்தக் கடைதான். ஒத்தக் கடைக்கு எவன் வண்டிய நிப்பாட்டுவான்? பாம்பனுக்குப் போயிருவான்" என்றார். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்குக்கு 6,400 கொஞ்சம் அதிகம் அண்ணே.

2,000 மாஸ்டரிடம் கொடுத்திருக்கிறேன். மீதி, படகு ஆட்கள் பங்கு வாங்கிப் பற்றைத் தீர்த்ததும். முட்டைப் பரோட்டாவை இன்று முதல் உங்கள் விலைக்கே ஏற்றிவிட்டேன். தகரம் பிடித்த தம்பிகளுக்கு மட்டும் பழைய விலை.