முதலாளியின் குரலில் ஒரு 'முடியாது'

ஜெலுத்தோங், பினாங்கு

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. உன் எம்.டி. இரண்டே சொல்லில் 'வேண்டாம், விடு' என்று அனுப்பியதை நீ ஒன்பது வரிக் கடிதமாக்கினாய். அவர் படித்துவிட்டு "இது நான் இல்லையே" என்றார். அடுத்த முறை அவர் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினாய். எதிரில் இருந்தவர் முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிட்டார். இரண்டும் தப்பு என்றால் நடுவில் என்னதான் எழுதுவது என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

செயலாளர் வேலையில் உனக்கு நான்கு மாதத்தில் வந்த சங்கடம் எனக்கு வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு கழித்து வந்தது. 1987. பீச் ஸ்திரீட் ஆபீசில் நான் இன்னும் புதியவள்தான். புக்கிட் மெர்த்தாஜத்திலிருந்து எங்களுக்கு அட்டைப்பெட்டி கொடுக்கும் ஒருவர், காகித விலை ஏறிவிட்டது, ஜூலையிலிருந்து பெட்டிக்கு 15 காசு கூட்டித் தர வேண்டும் என்று எழுதியிருந்தார். அப்போது பெட்டி ஒரு வெள்ளி 20 காசு. முதலாளி அந்தக் கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் 'முடியாது. அவருக்கே தெரியும்' என்று கிறுக்கி என் மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

எனக்கு அந்த மனிதர்மேல் இரக்கம். முதலாளிக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்ற கவலை வேறு. தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்றோம் என்று தொடங்கி, நீண்டகால உறவைப் பெரிதும் மதிக்கிறோம் என்று சொல்லி, இன்றைய சூழ்நிலையில் இயலாமைக்கு வருந்துகிறோம் என்று குழைந்து, தங்கள் கோரிக்கை எங்கள் பரிசீலனையில் இருக்கும் என்று முடித்தேன். எல்லாம் ஆங்கிலத்தில்தான், தமிழில் சொன்னாலும் அதே வழவழப்பு. முதலாளி அவசரத்தில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் அந்தப் பெட்டிக்காரர் நேரில் வந்துவிட்டார். பினாங்குப் பாலம் திறந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டாகியும் அவர் ஃபெரியில்தான் வருவார். வெல்ட் குவேயில் இறங்கி வெயிலில் நடந்து வந்து, புதுப் பெட்டி மாதிரிகள் இரண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரவேற்பறையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். 'பரிசீலனை' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார், பேசினால் ஐந்து காசாவது கிடைக்கும் என்று. முதலாளி உள்ளே அழைத்து, வாயாலேயே முடியாது என்று சொல்லி அனுப்பினார். அவர் திரும்பிப் போகும்போது மாதிரிப் பெட்டிகளை எடுத்துப் போகவில்லை. வெகுநாள் அவை என் மேசைக்குப் பக்கத்திலேயே கிடந்தன.

முதலாளி திட்டவில்லை. "நான் ஒரு வார்த்தை கொடுத்தேன். நீ அதைத் தாள் நிறையப் பரப்பிவிட்டாய். அந்த ஆளுக்கு ஒரு நாள் வேலை போயிற்று" என்றார். மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு நான் அவருக்குச் செய்தது அதுதான்.

அதன் பிறகுதான் பழைய ஃபைல்களைத் திறந்தேன். அந்தக் காலத்தில் தட்டச்சுக் கடிதத்தின் அடியில், சொன்னவரின் பெயரெழுத்துகளைப் பெரிதாகவும் சாய்கோட்டுக்குப் பிறகு தட்டியவரின் எழுத்துகளைச் சிறிதாகவும் போடுவோம். அதை வைத்து யார் தட்டியது என்று தெரியும், யார் சொற்கள் என்று தெரியாது. ஆனால் சில கார்பன் நகல்களோடு முதலாளி கைப்பட எழுதிய பென்சில் தாள் சேர்த்துக் குத்தப்பட்டிருந்தது. அவை மட்டும்தான் அவருடைய குரல். மற்றவை எனக்கு முன்னால் இருந்த செயலாளர் அம்மாவின் குரல். இருபத்திரண்டு தேறின. அவற்றிலும் மறுப்புக் கடிதங்கள் ஆறு. அந்த ஆறையும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுருக்கெழுத்து நோட்டில் படியெடுத்தேன்.

படியெடுக்கும்போதுதான் கண்ணில் பட்டது. கெட்ட செய்தி என்றால் மனிதர் 'நான்' என்று எழுதுவார். நல்ல செய்தி என்றால் 'நாங்கள்'. 'வருந்துகிறேன்' என்ற சொல் ஆறில் ஒன்றிலும் இல்லை. பதில் எப்போதும் இரண்டாவது வாக்கியத்துக்குள் வந்துவிடும். காரணம் ஒன்றே ஒன்று, அதுவும் எதிராளி தானே சரிபார்க்கக்கூடியது. புகழ்ச்சி இருந்தால் அது எண்ணிப் பார்த்த விஷயமாக இருக்கும். 'உங்கள் சேவை சிறப்பு' என்று எழுதமாட்டார். 'சென்ற முறை ஒரு நாள் முன்னதாகவே வந்தது' என்று எழுதுவார். என் மேசையில் சிடுசிடுக்கும் மனிதரும் அந்தத் தாள்களில் இருந்த மனிதரும் ஒருவரேதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஓரத்தில் பென்சிலால் கிறுக்குவது எனக்குச் சொல்வது. வெளியாளுக்குச் சொல்வது வேறு குரல், அதுவும் அவருடையதே. உன் எம்.டி.யின் இரண்டு சொல்லும் உனக்கு வந்தவை. அவற்றையே வெளியே அனுப்பினால் அவருடைய குரலை அனுப்பியதாகாது.

பிறகு அதே பெட்டிக்காரருக்கு முதலாளி பெயரில் நானே மறுபடி எழுதினேன், முன்பு போன குழப்பத்தைத் தாளிலும் தீர்த்து வைக்க. ஏறக்குறைய இப்படி:

"பெட்டி விலை பற்றிய என் சென்ற கடிதம் தெளிவாக இல்லை. பெட்டிக்கு 15 காசு கூட்ட என்னால் முடியாது. டிசம்பர் வரைக்கும் ஒரு வெள்ளி 20 காசு என்று நாம் இருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். ஜனவரி விலையை அக்டோபரில் பேசுவோம். காகித ஆலையின் பில்களைக் கொண்டு வாருங்கள். மே மாதம் வந்த பெட்டிகளில் ஒன்றுகூட நசுங்கவில்லை என்று கிடங்கில் சொன்னார்கள்."

ஆறே வரி. முதல் வரி அவரை அலைய விட்டதற்கானது. மன்னிப்பு என்ற சொல் இல்லை, ஆனால் தப்பு யார் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. கடைசி வரிக்காகக் கிடங்குக்குப் போன் செய்து கேட்டேன். கேட்காமல் எழுதியிருந்தால் அது வெறும் அலங்காரம். அக்டோபர் வரிதான் ஆபத்தானது. அது வாக்குறுதி. முதலாளி அதைச் சொல்லவே இல்லை, எனக்குத் தோன்றியது. வரைவைக் கொண்டுபோய் அந்த இடத்தில் விரலை வைத்து "இதற்குச் சம்மதமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு இல்லாமல் அந்த வரி வெளியே போயிருக்காது. பணம், தேதி, 'மீண்டும் பார்ப்போம்' ஆகிய மூன்றும் அவர் பெயரில் போனால் அவரைக் கட்டும். உனக்கு அப்படிச் சொல்ல அதிகாரம் உண்டு என்று எதிராளி நம்பும்படி அவர் நடந்துகொண்டிருந்தால், 'என் செயலாளர் கேட்காமல் எழுதிவிட்டாள்' என்பதை நம் ஒப்பந்தச் சட்டமும் ஏற்காது. தொனி உன் பொறுப்பு. வாக்கு அவருடையது.

உன் ஒன்பது வரிக் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினாயே, அதில் மரியாதை முழுவதும் அடைமொழிகளில் இருந்தது. அவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. கறாராகப் பேசும் மனிதரின் கடிதத்தில் 'நலமறிய ஆவல்' என்று இருந்தால், அவரை அறிந்தவர் உடனே வேறு கை எழுதியது என்று கண்டுகொள்வார். அதற்குப் பிறகு உள்ளே இருக்கும் 'முடியாது' கூட யாரோ சொன்னதாகத் தோன்றும். மரியாதையை வேறு இடங்களில் வை. பதிலைத் தாமதிக்காதே. அவர் கேட்ட கேள்விக்கே பதில் சொல். பெயரைச் சரியாக எழுது.

பெயர் விஷயம் நீ இருக்கும் கோலாலம்பூரில் இன்னும் கூர்மை. சீனருக்குக் குடும்பப் பெயர் முதலில் வரும். மிஸ்டர் டான் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். மலாய்க்காரருக்கும் நமக்கும் அப்பா பெயர் பின்னால் நிற்கும். அதைச் சொல்லி அழைத்தால் அவருடைய அப்பாவுக்குக் கடிதம் எழுதியதாகிவிடும். பட்டம் பெற்றவர் என்றால், நம் தமிழ்ப் பத்திரிகைகள் பெரும்பாலும் டத்தோ என்றே போட்டுவிட்டுப் போய்விடும். ஆங்கிலத்திலும் மலாயிலும் Datuk என்று கே எழுத்தில் முடிவதா, Dato' என்று மேற்குறியில் முடிவதா என்பது பட்டம் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. ஊகிக்காதே. அவர் கடிதத்தாளில் எப்படி அச்சிட்டிருக்கிறாரோ அப்படியே எழுது.

மின்னஞ்சலில் எனக்குப் பிற்காலத்தில் வந்த தலைவலிகள் இரண்டு. Outlook-இல் Send on Behalf அனுமதி மட்டும் இருந்தால் உன் பெயரும் சேர்ந்து தெரியும். Send As இருந்தால் அவர் பெயர் மட்டும் தெரியும். உனக்கு எது கொடுத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை உனக்கே அனுப்பிப் பார்த்துக்கொள். இன்னொன்று, அவர் உனக்கு எழுதிய 'விடு'வுக்கு மேலேயே பதிலை எழுதி வெளியாளுக்கு அனுப்பிவிடுவது. கீழே உருட்டினால் எல்லாம் தெரியும். அவர் பெயரில் போவதை எப்போதும் வெளியாளின் மூலக் கடிதத்திலிருந்து தொடங்கு. ஒருமுறை நான் மறந்தேன். எவ்வளவு வெட்கமாகப் போயிற்று என்பதை நேரில் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் அவர் குரலில் எழுத வேண்டியதும் இல்லை. கூட்டத்தின் நேரம் மாற்றுவது, தாளைக் கேட்டு நினைவூட்டுவது எல்லாம் உன் பெயரில் போகட்டும். அங்கே நீ உன் இயல்புப்படி எவ்வளவு வேண்டுமானாலும் இனிமையாக எழுது.

அதே பெட்டிக்காரரின் மனைவி சில ஆண்டுகளுக்குப் பிறகு காலமானார். முதலாளி வழக்கம்போல் "ஏதாவது எழுதிக் கொடு" என்றார். அதற்குள் அவருடைய குரல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பத்து நிமிட வேலை. ஆனாலும் கடிதத்தாள் ஒன்றையும் அவருடைய பேனாவையும் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். நாற்பது நிமிடம் கழித்து மணி அடித்தார். மூன்று வரி, இரண்டு இடத்தில் அடித்தல். "திருப்பித் தட்டட்டுமா?" என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உறையில் முகவரி மட்டும் எழுதினேன்.

அடுத்த மாதம் வரும்போது உன் எம்.டி. கைப்பட எழுதியவற்றில் ரகசியம் இல்லாத, பழசான ஏதாவது இருந்தால் அதன் தொனியை நினைவில் வைத்துக்கொண்டு வா. தாளைக் கொண்டு வராதே. அந்த நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது, சுருக்கெழுத்தை நான் வாசித்துக் காட்டுகிறேன். அப்பா மீன் வாங்கி வைக்கிறேன் என்கிறார், என்ன மீன் என்று முன்கூட்டியே சொல்.

அன்புடன்,
அம்மா